வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நேராக இருந்த கணக்கு

பங்குத் தரகர்களுக்கு அரையாண்டு உள்தணிக்கை செய்யும் இளைய கணக்காயர்களுக்காகவும், தரகரிடம் பணம் வைத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். 2018-இல் கோவையில் ஒரு தரகு நிறுவனம் என்னை ஏமாற்றியது. ஏமாறும் அளவுக்கு நானும் சோம்பலாக இருந்தேன், அதையும் மறைக்கப்போவதில்லை.

வாடிக்கையாளரின் பணம் தரகருடைய பணமல்ல. அது தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். இதைச் சோதிக்க 2016 செப்டம்பர் சுற்றறிக்கையில் செபி ஓர் எளிய சமன்பாடு கொடுத்தது.

`G = (A + B) - C`

A என்பது வாடிக்கையாளர் வங்கிக் கணக்குகளில் உள்ள பணம். B, சந்தையின் வர்த்தகங்களைத் தீர்த்துவைக்கும் க்ளியரிங் கார்ப்பரேஷனிடம் ரொக்கமாகவோ அதற்கு இணையாகவோ கட்டியிருப்பது. C, தரகர் வாடிக்கையாளர்களுக்குத் தரவேண்டிய வரவு நிலுவைகளின் கூட்டுத்தொகை. G எதிர்மறையானால் வாடிக்கையாளர் பணம் வேறெங்கோ போயிருக்கிறது. இந்த விவரங்களை அப்போது தரகர்கள் வாரத்தின் கடைசி வர்த்தக நாள் நிலவரப்படி பங்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பெரும்பாலும் அது வெள்ளிக்கிழமை.

அந்த அரையாண்டு செப்டம்பர் 30, ஞாயிறன்று முடிந்தது. கடைசி வர்த்தக நாள் 28, வெள்ளி. அலுவலக மேலாளர் மிகவும் பணிவானவர். "சார், வெள்ளிக்கிழமை கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் தயாராக இருக்கிறது" என்று கோப்பை நீட்டினார். A 4 கோடியே 20 லட்சம், B 5 கோடியே 60 லட்சம், C 9 கோடியே 55 லட்சம். G 25 லட்சம் உபரி. இன்னும் மூன்று வெள்ளிக்கிழமைகளை மாதிரிக்கு எடுத்தேன், எல்லாம் உபரி. கையெழுத்திட்டேன்.

ஜனவரியில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பங்குகளை விற்ற பணம் 6 லட்சத்து 40 ஆயிரம், ஐந்து வாரமாக இன்று நாளை என்று இழுக்கிறார்களாம். "நீங்கள்தானே அவர்களுக்கு ஆடிட்டர்?" என்று கேட்டார். பதில் சொல்ல நா எழவில்லை. என்னிடம் இருந்த பேரேட்டு நகலைத் திறந்து அவர் பெயரைத் தேடினேன். செப்டம்பர் 28 அன்று அவருடைய வரவு நிலுவை பூஜ்ஜியம். செப்டம்பர் 27 அன்று 3 லட்சத்து 10 ஆயிரம். அக்டோபர் 3 அன்று மீண்டும் அதே 3 லட்சத்து 10 ஆயிரம். இடையில் அவருக்கு வங்கியிலிருந்து ஒரு பைசா போகவில்லை. ஒரு ஜர்னல் பதிவு மட்டும் இருந்தது.

என்னிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்த பெண் அன்று மாலையே பேரேடு முழுவதையும் வடிகட்டினாள். நான்கு மாதமாக வர்த்தகமே செய்யாத 46 வாடிக்கையாளர்களின் வரவு, வெள்ளிக்கிழமை மாலை ஜர்னல் பதிவால் தரகருக்குப் பணம் தரவேண்டிய சில பற்று நிலுவைக்காரர்களின் கணக்குக்கு மாற்றப்பட்டிருந்தது. அக்டோபர் 2 விடுமுறை. புதன்கிழமை காலை அத்தனையும் திரும்பியிருந்தன. மொத்தம் ஒன்றரை கோடி. பணம் பெற்ற பற்றுக்காரர்களில் முதலிடம் இயக்குநரின் மைத்துனருக்கு. நான் மாதிரிக்கு எடுத்த மற்ற மூன்று வெள்ளிக்கிழமைகளிலும் இதே கூத்துதான்.

ஒரே வாடிக்கையாளருக்கு ஒரு பிரிவில் வரவும் மற்றொரு பிரிவில் பற்றும் இருந்தால் அவற்றைக் கழித்து நிகரமாக்கலாம். ஒருவருடைய வரவில் இன்னொருவருடைய பற்றைக் கழிக்க முடியாது. ஆனால் மென்பொருள் தரும் இறுதி அறிக்கையில் அது தெரியாது. கழித்தபின் மிஞ்சும் தொகைதான் தெரியும். ஜர்னல் பதிவுகளை மட்டும் தனியே இறக்கி, இரு முனையிலும் வாடிக்கையாளர் குறியீடு இருக்கும் வரிகளைப் பிரித்தெடுத்திருந்தால் அரை மணி நேரத்தில் பிடித்திருக்கலாம்.

அடுத்து A. அந்த 4 கோடியே 20 லட்சத்தில் ஒன்றரை கோடி நிரந்தர வைப்பு. ரசீதின் நகலைப் பார்த்துப் பச்சை மையில் குறியிட்டிருந்தேன். வங்கியிடம் நேரடியாகக் கடிதம் கேட்டிருந்தால் ஒரே வரியில் தெரிந்திருக்கும்: தரகருடைய சொந்த ஓவர்டிராஃப்டுக்காக அந்த வைப்பின் மீது வங்கி லியன் போட்டிருந்தது. வாடிக்கையாளர் பணத்தை ஈடுவைத்துத் தனக்குக் கடன் வாங்கியிருக்கிறார். ரசீது நகலில் லியன் முத்திரை இல்லை. எப்படி இருக்கும்? நகல் எடுத்தது லியனுக்கு முந்தைய நாள்.

இரண்டையும் திருத்தி அதே வெள்ளிக்கிழமையை மறுபடி கணக்கிட்டோம். A 2 கோடியே 70 லட்சம், C 11 கோடியே 5 லட்சம். B மாறவில்லை. G இப்போது 2 கோடியே 75 லட்சம் பற்றாக்குறை. இந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. அந்தப் பணம் யாரிடம் போனது என்பதையும் அதே சுற்றறிக்கை சொல்லித்தருகிறது. பற்று நிலுவைகளின் உண்மையான மொத்தம் 1 கோடியே 80 லட்சம். அந்த அளவுக்கு ஒருவர் பணத்தில் இன்னொருவர் வர்த்தகம் செய்திருக்கிறார். மிச்சம் 95 லட்சம் தரகர் தனக்கே எடுத்துக்கொண்டது.

பங்குகளிலும் இதே தந்திரம்தான். தலைமை ஆசிரியரின் ஒரு நிறுவனப் பங்குகள் 400, தரகரின் வாடிக்கையாளர் டிமேட் கணக்கில் இருந்தன. பதிவேட்டிலும் 400, டெபாசிட்டரி அறிக்கையிலும் 400. நான் மொத்தம் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். பக்கத்து நெடுவரிசையில் அடமானம் 400, தடையில்லாத இருப்பு பூஜ்ஜியம் என்று அச்சிட்டிருந்ததைக் கண் தாண்டிவிட்டது. அவருக்குக் கடனே கிடையாது. அவருடைய பங்குகள் ஒரு நிதி நிறுவனத்திடம் தரகரின் கடனுக்கு ஈடாக இருந்தன.

விவரங்களைப் பங்குச் சந்தைக்கு எழுதினேன். ஆய்வுக்கு வந்தவர்கள் வெள்ளிக்கிழமை கோப்பைத் தொடவே இல்லை. ஒரு செவ்வாயையும் இரண்டு புதன்களையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். வங்கி அறிக்கையை வங்கியிடமிருந்தே வாங்கினார்கள். தரகரின் பான் எண்ணில் எத்தனை டிமேட் கணக்குகள் உள்ளன என்று டெபாசிட்டரியிடமே கேட்டார்கள். அந்த 46 பேரில் பலருக்குப் பதிவான கைபேசி எண் அலுவலக ஊழியர்களுடையது என்பதும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

அதன்பின் விதிகள் இறுகிவிட்டன. 2019 ஜூனில் வாடிக்கையாளர் பங்குகளை வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ அடகு வைப்பதைச் செபி தடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் கார்வி என்ற தரகு நிறுவனத்தின் மீது செபியின் இடைக்கால உத்தரவு வந்தது. 2020 செப்டம்பர் முதல் மார்ஜினுக்கான பங்குகள் உங்கள் டிமேட் கணக்கிலேயே இருந்து அடமானமாகின்றன. 2023 முதல் வாடிக்கையாளர் பணம் அன்றன்றே க்ளியரிங் கார்ப்பரேஷனுக்குப் போய்விட வேண்டும். வைப்பு ரசீதாகப் போனால் லியன் க்ளியரிங் கார்ப்பரேஷன் பெயரில்தான் இருக்கலாம். வாராந்தர அறிக்கை இருந்த இடத்தில் தினசரி அறிக்கை வந்துவிட்டதால் வெள்ளிக்கிழமை அலங்காரம் கடினம். ஆனால் C இன்னமும் தரகரின் பேரேட்டிலிருந்துதான் வருகிறது. ஜர்னல் பதிவு போட இன்னமும் ஒரு ஆள் போதும்.

வாடிக்கையாளராக இருந்தால், சந்தையிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் உள்ள நிலுவையைத் தரகரின் செயலி காட்டும் தொகையோடு, அந்தத் தேதிக்கே, ஒப்பிடுங்கள். குறுஞ்செய்தியே வராவிட்டால், சந்தையில் பதிவாகியிருக்கும் உங்கள் எண்ணும் மின்னஞ்சலும் எவை என்று எழுத்தில் கேளுங்கள். பங்குகளுக்கு டெபாசிட்டரி அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கையில் அடமான நெடுவரிசையைப் பாருங்கள். என்னைப் போல் மொத்தத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

தலைமை ஆசிரியருக்குப் பணம் பதினான்கு மாதம் கழித்து வந்தது. என்னிடம் சந்தை விளக்கம் கேட்டது. மாதிரியைத் தணிக்கை செய்யப்படுபவரே தேர்ந்தெடுக்க விட்டேன் என்று எழுதிக்கொடுத்தேன். அந்த அரையாண்டுக்கான என் கட்டணத்தைத் தரகர் இன்னும் தரவில்லை. கேட்கவும் எனக்கு முகமில்லை.