15 லட்சம் சம்பளம்: பழைய முறையா, புதிய முறையா?

சித்தி மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஆண்டுச் சம்பளம் சரியாக 15 லட்சம். ஒருநாள் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். "அண்ணா, 12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்ப மிச்சம் 3 லட்சத்துக்குத்தானே நான் கட்டணும்? 15 சதவீதம் போட்டாலும் 45,000தான் வருது. ஆபீஸ்ல மாசம் 8,125 பிடிக்கிறாங்க. தப்பா பிடிக்கிறாங்களோ?"

தப்பாகப் பிடிக்கவில்லை. அவன் கணக்குப் போட்ட வரிசைதான் தப்பு. வருமான வரியில் எதை முதலில் கழிக்கிறோம், எதைக் கடைசியில் கழிக்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சம்பளக்காரர் தேர்ந்தெடுத்துக்கொள்ளக்கூடிய பழைய, புதிய என்ற இரண்டு வரி முறையிலும் அன்று அவனுக்குத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே தருகிறேன். எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கான விகிதங்கள். பழைய முறைக்கு 60 வயதுக்குக் கீழே உள்ளவருக்கான அடுக்கை எடுத்திருக்கிறேன்.

| புதிய முறை | விகிதம் | பழைய முறை | விகிதம் |
|---|---|---|---|
| 4 லட்சம் வரை | இல்லை | 2.5 லட்சம் வரை | இல்லை |
| 4 – 8 லட்சம் | 5% | 2.5 – 5 லட்சம் | 5% |
| 8 – 12 லட்சம் | 10% | 5 – 10 லட்சம் | 20% |
| 12 – 16 லட்சம் | 15% | 10 லட்சத்துக்கு மேல் | 30% |
| 16 – 20 லட்சம் | 20% | | |
| 20 – 24 லட்சம் | 25% | | |
| 24 லட்சத்துக்கு மேல் | 30% | | |

ஒவ்வொரு விகிதமும் அந்தந்த அடுக்குக்குள் விழும் பணத்துக்கு மட்டும்தான். பழைய முறையில் வருமானம் 10 லட்சத்து 1,000 ஆனால், 30 சதவீதம் அந்தக் கடைசி 1,000 ரூபாய்க்கு மட்டுமே. கீழே இருக்கும் 10 லட்சம் தன் பழைய விகிதத்திலேயே இருக்கும். 'ஸ்லாப் மாறிவிடும், இன்கிரிமென்ட் வேண்டாம்' என்று சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அடுக்கு மாறுவதால் மட்டும் கைக்கு வரும் பணம் ஒருபோதும் குறையாது. குறையும் இடம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

புதிய முறையில் அவன் கணக்கு

15,00,000 ரூபாயிலிருந்து முதலில் நிலையான கழிவு 75,000 போகிறது. இதற்கு ரசீது எதுவும் தேவையில்லை, சம்பளக்காரர் எல்லோருக்கும் உண்டு. மீதி 14,25,000. இதைத்தான் அடுக்குகளில் இறக்க வேண்டும்.

முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. இப்போது 12 லட்சம் தீர்ந்தது, மிச்சம் 2,25,000. அதற்கு 15 சதவீதம், 33,750. கூட்டினால் 93,750. இந்த வரித் தொகையின்மேல் கூடுதலாகப் போடும் செஸ் 4 சதவீதம், 3,750. மொத்தம் 97,500. பன்னிரண்டால் வகுத்தால் 8,125. சம்பளச் சீட்டில் இருந்த அதே தொகை.

அப்படியென்றால் '12 லட்சம் வரை வரி இல்லை' என்று சொன்னது என்ன? அது அடுக்கிலேயே இல்லை. அடுக்குக் கணக்கு முழுவதும் முடிந்த பிறகு வரும் 87ஏ தள்ளுபடி அது. வருமானம் 12 லட்சமோ அதற்குக் கீழோ இருந்தால், வந்த வரியில் 60,000 வரை தள்ளிவிடுகிறார்கள். 12 லட்சத்துக்கு அடுக்குப்படி வரும் வரி சரியாக 20,000 + 40,000 = 60,000. அதனால் பூஜ்யம். 12 லட்சத்தைத் தெளிவாகத் தாண்டிவிட்டால் அந்தத் தள்ளுபடியே கிடையாது. 4 லட்சத்திலிருந்து வரி ஓடத் தொடங்கிவிடும். தம்பி அதை விலக்கு என்று நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

நிலையான கழிவையும் சேர்த்தால், சம்பளம் மட்டுமே உள்ளவருக்கு 12,75,000 வரை வரி இல்லை. ஆனால் பங்கு விற்ற லாபம்போல் தனி விகிதத்தில் வரி போடப்படும் வருமானம் இருந்தால், அதன் வரியை இந்தத் தள்ளுபடி தொடாது. சம்பளம் குறைவுதானே என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இங்கேதான் அதிகம்.

பழைய முறையில் அதே சம்பளம்

இங்கே அடுக்குக்கு வருவதற்கு முன்பே நிறைய வேலை இருக்கிறது. அவன் சம்பளத்தில் அடிப்படை மாதம் 60,000, வீட்டு வாடகைப் படி 24,000. வேளச்சேரியில் மாதம் 18,000 வாடகை கொடுக்கிறான்.

வாடகைப் படி முழுவதற்கும் விலக்கு கிடைக்காது. மூன்று தொகைகளைப் போட்டுப் பார்த்து, குறைந்ததை எடுக்க வேண்டும். ஆண்டுக்கு வாங்கிய படி 2,88,000. கொடுத்த வாடகை 2,16,000இல் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதமான 72,000ஐக் கழித்தால் 1,44,000. சென்னை என்பதால் அடிப்படையில் பாதி 3,60,000. குறைந்தது 1,44,000; விலக்கு அவ்வளவுதான். வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுக்காரரின் பான் எண்ணையும் தர வேண்டும்.

அப்புறம் நிலையான கழிவு, இந்த முறையில் 50,000தான். 80சி பிரிவில் அதிகபட்சம் 1,50,000. அதில் பி.எஃப். பிடித்தமே 86,400 வந்துவிடுகிறது, மீதியை பி.பி.எஃப்.பில் போடுகிறான். மருத்துவக் காப்பீட்டுக்கு 80டி பிரிவில் 25,000. எல்லாம் கழித்தால் மீதி 11,31,000.

இப்போது அடுக்கு. முதல் 2.5 லட்சத்துக்கு இல்லை. அடுத்த 2.5 லட்சத்துக்கு 12,500. அடுத்த 5 லட்சத்துக்கு 20 சதவீதம், ஒரு லட்சம். மிச்சம் 1,31,000க்கு 30 சதவீதம், 39,300. ஆக 1,51,800, செஸ் 6,072 சேர்த்து 1,57,872.

மூன்று லட்சத்துக்கும் அதிகமாகக் கழித்த பிறகும் பழைய முறையில் 60,372 ரூபாய் கூடுதல். ரசீதுகளை எல்லாம் கோப்பில் போட்டு வைத்திருந்தவனுக்கு முகம் வாடிவிட்டது.

எங்கே பழைய முறை முந்தும்?

பழைய முறையில் கழிவு எப்போதும் மேல் அடுக்கிலிருந்துதான் வெட்டும். அதனால் ஒரே ஒரு லட்சக் கழிவுக்கு எல்லா இடத்திலும் ஒரே மதிப்பு இல்லை. வருமானம் 10 லட்சத்துக்கு மேலே நிற்கும்வரை அது 30,000 மிச்சப்படுத்தும். கீழே இறங்கிவிட்டால் 20,000தான்.

தம்பியின் பெயரில் திருநெல்வேலியில் ஒரு வீடு இருக்கிறது, அதற்குக் கடனும் அவன் பெயரில் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு விடவில்லை, அப்பா அம்மா இருக்கிறார்கள். ஆண்டு வட்டியில் 2 லட்சம் வரை கழிக்கலாம். வருமானம் 9,31,000 ஆகும். இந்த 2 லட்சத்தில் 1,31,000க்கு 30 சதவீதமும் மீதி 69,000க்கு 20 சதவீதமும் மிச்சம், மொத்தம் 53,100. வரி 98,700, செஸ்ஸோடு 1,02,648. இன்னும் புதிய முறைதான் 5,148 ரூபாய் குறைவு!

அதற்கு மேல் தன் கையிலிருந்து தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸில் 50,000 போட்டால் வருமானம் 8,81,000, வரி செஸ்ஸோடு 92,248. இப்போது பழைய முறை 5,252 ரூபாய் முந்துகிறது. அந்த 5,252க்காக 50,000 ரூபாயை ஓய்வுக்காலம் வரை பூட்டி வைப்பதா என்று கேட்டால், என்.பி.எஸ். ஏற்கெனவே உங்கள் திட்டத்தில் இருந்தால் சரி, வரிக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன்.

15 லட்சம் சம்பளத்துக்குச் சமநிலை எங்கே என்று நேராகவே கண்டுபிடிக்கலாம். புதிய முறையில் வந்த 93,750 பழைய முறையிலும் வர வேண்டுமானால், வருமானம் 9,06,250க்கு இறங்க வேண்டும். அதாவது நிலையான கழிவு போக இன்னும் 5,43,750 காட்ட வேண்டும். தம்பியிடம் இருப்பது 3,19,000. வாடகைப் படியும் வீட்டுக் கடனும் இரண்டும் பெரிதாக இருந்தால் ஒழிய அந்தத் தொகையை எட்டுவது கடினம்.

புதிய முறையிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. நிறுவனம் தன் பங்காக என்.பி.எஸ்.ஸில் போடும் பணம், அடிப்படைச் சம்பளத்தின் 14 சதவீதம் வரை கழியும். தம்பிக்கு அது 1,00,800. மொத்தச் சம்பளத்துக்குள்ளேயே இப்படி மாற்றித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டால், 15 சதவீத அடுக்கில் 15,120, செஸ்ஸோடு சுமார் 15,725 குறையும். இதையும் சேர்த்தால் பழைய முறைக்கான தூரம் இன்னும் கூடிவிடுகிறது.

பள்ளம் எங்கே இருக்கிறது

கைக்கு வரும் பணம் குறையும் இடம் என்று முன்பு சொன்னது, இரண்டு முறையிலும் தள்ளுபடியின் விளிம்பில்தான்.

பழைய முறையில் தள்ளுபடி 12,500. எல்லை 5 லட்சம். வருமானம் 5,00,000 என்றால் வரி பூஜ்யம். 5,00,010 ஆனால் சுமார் 13,000. பத்து ரூபாய்க்கு இவ்வளவு! இங்கே எந்தச் சலுகையும் இல்லை. எல்லைக்கு அருகில் இருப்பவர் மார்ச் முடிவதற்குள் ஒரு சிறு முதலீடு செய்து கீழே இறங்கிவிடுவது உண்மையாகவே பயன் தரும்.

புதிய முறையில் இந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்கிறார்கள். வருமானம் 12,10,000 என்றால் அடுக்குப்படி 61,500 வரும். ஆனால் 12 லட்சத்தைத் தாண்டியது 10,000 மட்டும் என்பதால் வரியும் 10,000க்கு மேல் போகாது. செஸ் 400 சேர்த்து 10,400. கூடுதலாகச் சம்பாதித்த பத்தாயிரமும் போய், மேலே 400 ரூபாயும் போகிறது. இந்த நிலை வருமானம் சுமார் 12,70,588 ஆகும்வரை நீடிக்கும்; சம்பளமாகப் பார்த்தால் 12,75,000க்கும் சுமார் 13,45,000க்கும் இடையில். இந்த இடைவெளிக்குள் வரும் போனஸ் முழுவதும் வரியாகப் போய்விடும். நிறுவனத்தின் என்.பி.எஸ். பங்கு இருந்தால், இந்த இடத்தில்தான் அதற்கு மதிப்பு மிக அதிகம்.

எந்த முறை என்று ஏப்ரலில் நிறுவனத்திடம் சொல்லாவிட்டால் புதிய முறைப்படிதான் பிடிப்பார்கள். அதற்காகப் பதற வேண்டாம். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம், அதிகம் பிடித்தது திரும்பி வரும். ஆனால் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். தாமதமானால் புதிய முறை மட்டுமே. தம்பியிடம், படிவம் 16இன் பி பகுதி வந்ததும் நிலையான கழிவு 75,000 என்று இருக்கிறதா, 50,000 என்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். எந்த முறையில் கணக்குப் போட்டார்கள் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.