இறக்கத்தில் நகம் கறுக்காமலிருக்க எந்த லேஸ் கட்டு?

மண்டபத்திலும் தனுஷ்கோடி மணலிலும் ஆண்டுக்கணக்கில் நடந்தாலும் விரல்நுனி அடிபடாது; சமதரையில் பாதம் ஷூவுக்குள் முன்னால் சரிவதில்லை. கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கியபோதுதான், ஒவ்வோர் அடியிலும் என் பெருவிரல் பூட்ஸின் முனையில் இடிப்பதை உணர்ந்தேன். ஊர் திரும்பிய பின் நகத்தடியில் இரத்தம் கட்டிக் கருநீலமாகியிருந்தது. அதன் பிறகு, மூன்று செங்கல் உயரத்தில் ஒரு முனையைத் தூக்கி வைத்த பலகையின் மேல், கால்விரல் கீழ்நோக்கியிருக்க நின்று மூன்று லேஸ் கட்டுகளைச் சோதித்தேன்.

பெருவிரலுக்கு அருகிலுள்ள லேஸ் ஓட்டையிலிருந்து எதிர்ப்பக்க மேலோட்டைக்கு லேஸை நேராகக் குறுக்கே இழுக்கும் முறை, விரலின் மேல் அழுத்தும் துணியைத் தூக்கிவிடும். ஆனால் பாதம் முன்னால் சரிவதை அது தடுக்காது என்பதால், இறக்கத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓட்டக்காரர்கள் போடும் குதிகால் பூட்டில், லேஸை அதே பக்கத்தின் கடைசி ஓட்டைக்குள் விட்டுச் சிறு வளையம் அமைத்து, எதிர்முனையை அதற்குள் நுழைத்து இழுக்க வேண்டும். தாழ்ந்த ஷூவில் குதிகால் எழும்புவதை இது நன்றாகவே அடக்குகிறது. ஆயினும் பாதத்தின் மேற்புறம் தளர்வாக இருந்தால் மேலேயுள்ள பூட்டு அதை ஈடுசெய்யாது. ஈடுசெய்யும் என்று நம்பி மேலும் இறுக்கினால் கணுக்காலின் முன்புறம்தான் வலிக்கும்.

கொக்கி வைத்த பூட்ஸுக்கு நான் தேர்ந்தெடுப்பது இரட்டைச் சுற்று முடிச்சு. முதலில் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்காரவைத்து, விரல்பகுதி லேஸைச் சற்றுத் தளர்வாகவும், பாதத்தின் மேற்புறத்தை இறுக்கமாகவும் இழுத்து, பாதம் கணுக்காலோடு மடங்கும் இடத்தில் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை சுற்றி இறுக்கிய பின், உடனே மேலுள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். சுற்றுகளின் உராய்வு கீழேயுள்ள இறுக்கத்தை அங்கேயே பிடித்துக்கொள்வதால், மேற்பகுதியைத் தளர்த்தினாலும் பாதம் நகர்வதில்லை. பலகையில் சாதாரணக் கட்டுடன் முனையைத் தொட்ட என் விரல், இந்த முடிச்சில் தொடவில்லை. வழுவழுப்பான உருண்டை நைலான் லேஸில் மட்டும் முடிச்சு மெல்ல அவிழும்; அதற்கு அடுத்த குறுக்கிலும் ஒரு முடிச்சு போட வேண்டும்.

பூட்ஸ் சிறியதாக இருந்தால் எந்தக் கட்டும் உதவாது. உள்தகட்டை வெளியே எடுத்து அதன்மேல் நிற்கையில், நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முடிச்சிட்ட பின் பாதம் மரத்துப்போனால், வலிக்கும் இடத்தில் குறுக்குக் கட்டைத் தவிர்த்து, லேஸைப் பக்கவாட்டிலேயே அடுத்த ஓட்டைக்கு ஏற்றிக்கொள்ளலாம்.