கூலிங் கிளாஸைக் கழற்றுவதா, அப்படியே வரைவதா?

போன மாதம் ஒரு பெண் தன் அப்பாவின் படத்தைப் பென்சிலில் வரைந்து தரச் சொல்லி வந்தார். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கையில் இருந்தது கொடைக்கானலில் எடுத்த ஒரு போட்டோ. லேசாக வலப்பக்கம் திரும்பி, பல் தெரியச் சிரிக்கிறார். கண்ணில் மட்டும் கறுப்புக் கூலிங் கிளாஸ். “அண்ணே, அப்பா இதுலதான் நல்லா சிரிச்சிருக்காரு. கண்ணாடியை மட்டும் எடுத்துட முடியுமா?”

முடியும். ஆனால் அதற்கு முன்னால், எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுவிடுவேன். கண்ணாடியோடு வரைவதில் ஊகத்துக்கே இடமில்லை, போட்டோவில் இருப்பதுதான் தாளில் வரும். சிலருக்குக் கண்ணாடியே முகத்தின் பாதி. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாத எம்.ஜி.ஆரைச் சுவரில் வரைந்தால் பலர் யோசித்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஆனால் இவருடைய அப்பா அந்தக் கண்ணாடியைப் போட்டது சுற்றுலாவில் மட்டும்தான். மாலை போட்டு மாட்டப்போகிற படத்தில் கண் தெரியாவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் உறுத்தும். ஆகவே இந்த வழி இங்கே சரிப்படவில்லை.

அடுத்த வழி, அவருடைய வேறு போட்டோவிலிருந்து கண்களை எடுப்பது. தேடியதில் இரண்டு கிடைத்தன. ஒன்று அடையாள அட்டைக்காகச் சமீபத்தில் எடுத்தது. நேர்முகம், தெளிவு, வயதும் பொருந்துகிறது. இன்னொன்று பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கல்யாண குரூப் போட்டோ. முகம் சின்னது, கொஞ்சம் மங்கல், ஆனால் அதிலும் சிரிக்கிறார், முகமும் வலப்பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

பார்த்ததும் யாருக்கும் முதல் போட்டோதான் பிடிக்கும். நான் எடுத்தது இரண்டாவதை. காரணம் சிரிப்பு. மனம்விட்டுச் சிரிக்கும்போது கன்னம் மேலே ஏறுகிறது, கீழிமை உயர்ந்து கண் சுருங்குகிறது, ஓரத்தில் சுருக்கம் விழுகிறது. அடையாள அட்டைக்கு விறைப்பாகப் பார்த்த கண்ணை அந்த வாய்க்கு மேலே வைத்தால், வாய் சிரிக்கும், கண் முறைக்கும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, “அப்பா மாதிரி இல்லையே” என்பார்கள். திரும்பிய கோணமும் அப்படித்தான். பக்கவாட்டில் திரும்பினால் தூரத்துக் கண் குறுகித் தெரியும். நேர்முகக் கண்களில் இரண்டும் ஒரே அகலம். வயதைப் பென்சிலால் கூட்டிவிடலாம், சிரிப்பையும் கோணத்தையும் அப்படிக் கூட்ட முடியாது.

அளவு பொருத்த மூக்கின் அடியிலிருந்து தாடை வரையிலான நீளத்தை இரண்டு போட்டோவிலும் ஒன்றாக்கினேன். இரண்டிலும் அது மறையாமல் தெரிகிறது. பிறகு கல்யாணப் போட்டோவைப் பாதி ஒளிபுகும்படி மேலே வைத்துப் பார்த்தேன். கொடைக்கானல் போட்டோவின் ஒரிஜினல் ஃபைலையும் கேட்டு வாங்கினேன். வாட்ஸ்அப்பில் வந்ததில் இருட்டுப் பகுதி நசுங்கிப் போயிருக்கும். ஒரிஜினலில் வெளிச்சத்தைக் கூட்டியதும் கண்ணாடிக்குள்ளே மேலிமையின் கோடு மங்கலாகத் தெரிந்தது. கண்ணின் இடத்தை அது உறுதிப்படுத்திவிட்டது. இமைத் தொய்வும் கண்ணடிப் பையும் மட்டும் அடையாள அட்டைப் படத்திலிருந்து. கண்ணாடி விழுத்திய நிழலைக் கன்னத்திலிருந்து நீக்க மறந்துவிடக் கூடாது. நான் ஒருமுறை மறந்து, கண்ணுக்குக் கீழே அடிபட்டது போல ஒரு கறுப்போடு படத்தைக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது வழி, மகனையோ தம்பியையோ பார்த்துக் கண் வரைவது. “என் தம்பிக்கு அப்படியே அப்பா கண்ணுதான்” என்று அந்தப் பெண்ணும் சொன்னார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. வரைந்து முடித்ததும் வீட்டார் கண்ணுக்குத் தம்பிதான் தெரிவார். வேறு போட்டோவே இல்லாதபோது, இமை மடிப்பின் வடிவத்துக்கு மட்டும் இதை நாடுவேன், அதையும் முன்னாலேயே சொல்லிவிட்டு.

தொப்பி இவ்வளவு படுத்தாது. அது மறைப்பது முன்மயிரையும் உச்சியையும். நேராகப் பார்க்கும் தலையில் கண் ஏறக்குறைய நடு உயரத்தில் இருக்கும் என்பதால் உச்சியைக் கணக்கிட்டுவிடலாம். கணக்கிடாமல் வரைந்தால் தலை தட்டையாகிவிடும். முன்மயிர் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் கேட்டே ஆகவேண்டும், வழுக்கையை ஊகிக்க முடியாது. தொப்பியை வைத்துக்கொண்டால் விளிம்பு நிழலில் கண் கறுத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாஸ்க் போட்ட போட்டோவை நான் வாங்குவதே இல்லை. மூக்கு, வாய், தாடை மூன்றும் போய்விடுகின்றன, கண்ணுக்குக் கீழே பிடிமானம் எதுவும் மிஞ்சாது. 2020, 2021 கல்யாணங்களில் எடுத்த படத்தோடு வருபவர்களிடம், அதே ஆளின் மாஸ்க் இல்லாத வேறொரு போட்டோவைத் தேடி எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிடுவேன். அன்றைய சட்டையையும் மாலையையும் மட்டும் மாஸ்க் போட்டோவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.