புரொப்பைல்பென்சீன் வேண்டும்: நேரே ஆல்கைலேற்றமா, அசைலேற்றி ஒடுக்குவதா?

பென்சீன் வளையத்தில் மூன்று கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி ஒன்றைப் பொருத்த வேண்டும். தாளில் எழுதினால் இதற்கு ஒரே படி போதும். பென்சீனையும் 1-குளோரோபுரொப்பேனையும் எடுத்து, நீரற்ற அலுமினியம் குளோரைடைச் சேர்த்தால் HCl வெளியேறும், புரொப்பைல்பென்சீன் மிஞ்சும். இன்னொரு வழிக்கு இரண்டு படிகள். முதலில் புரொப்பனாயில் குளோரைடைக் கொண்டு அசைலேற்றம் செய்து கீட்டோனை எடுக்க வேண்டும், அப்புறம் அந்தக் கீட்டோனில் இருக்கும் C=O தொகுதியை CH₂ ஆக ஒடுக்க வேண்டும். படிகளை மட்டும் எண்ணினால் முதல் வழிதான் வெல்லும். குடுவையிலிருந்து கடைசியில் என்ன வெளியே வருகிறது என்று பார்த்தால் முடிவு தலைகீழாகிவிடும்.

முதல் வழியில் நடப்பதைப் பார்ப்போம். AlCl₃ எலக்ட்ரான் பற்றாக்குறை உள்ள சேர்மம். அது குளோரோபுரொப்பேனின் குளோரினைப் பற்றி இழுக்கும்போது, குளோரினைத் தாங்கும் கார்பன் மேல் நேர்மின்தன்மை ஏறுகிறது. அந்தக் கார்பன் சங்கிலியின் முனையில் இருக்கிறது, அதாவது ஓரிணைய கார்பன். ஓரிணைய கார்பன் நேர்அயனி மிகவும் நிலையற்றது என்பதால், குளோரின் முழுதாகப் பிரிவதற்கு முன்பே பக்கத்துக் கார்பனில் உள்ள ஒரு ஹைட்ரஜன் தன் இரண்டு எலக்ட்ரான்களோடு முனைக்கு நகர்ந்துவிடுகிறது. இதுதான் ஹைட்ரைடு இடப்பெயர்வு. இப்போது நேர்மின்சுமை நடுக்கார்பனில் இருக்கிறது. அது ஈரிணைய அயனி, எவ்வளவோ நிலையானது. பென்சீன் இதைத் தாக்கினால் நமக்குக் கிடைப்பது ஐசோபுரொப்பைல்பென்சீன், அதாவது கியூமீன்.

ஆனால் எல்லா மூலக்கூறும் இப்படி மாறுவதில்லை. அயனி முழுதாக உருவாகும் முன்பே, குளோரினை AlCl₃ பாதி இழுத்த நிலையிலேயே, பென்சீன் வந்து முனைக்கார்பனைத் தாக்கிவிடலாம். அப்படி நடந்தால் நேர்ச்சங்கிலி அப்படியே நிற்கும். எனவே இரண்டு பாதைகளும் போட்டி போடுகின்றன, போட்டியின் முடிவை வெப்பநிலை தீர்மானிக்கிறது. சுமார் −6 டிகிரி செல்சியஸில் வினையை நடத்தினால் நேர்ச்சங்கிலிப் பொருள் ஏறக்குறைய 60 சதவீதம், கியூமீன் 40 சதவீதம். 35 டிகிரியில் நடத்தினால் இந்த விகிதம் அப்படியே திரும்பிவிடும். குளிர வைத்தால் நிலைமை மேம்படும் என்பது உண்மைதான், ஆனால் நன்றாகக் குளிர வைத்த பிறகும் ஐந்தில் இரண்டு பங்கு தவறான பொருளாகவே இருக்கிறது.

இந்தக் கலவையைப் பிரிப்பதில்தான் உண்மையான வலி. கியூமீன் 152 டிகிரியில் கொதிக்கிறது, புரொப்பைல்பென்சீன் 159 டிகிரியில். ஏழே டிகிரி இடைவெளி. சாதாரண வாலைவடித்தலில் இவை இரண்டும் சேர்ந்தேதான் வரும். பிரிக்க வேண்டுமென்றால் நல்ல நீளமான பின்னக் கம்பம் வேண்டும், மெதுவாக வடிக்க வேண்டும், இடைப்பட்ட பகுதியைத் தனியாக ஒதுக்கி மறுபடி வடிக்க வேண்டும். இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு C₉H₁₂ என்பதால் மூலக்கூறு நிறையும் உதவாது. கலவையா என்று கண்டுபிடிக்கப் புரோட்டான் காந்த ஒத்ததிர்வு நிறமாலை போதும். கியூமீன் இருந்தால் 1.25 அருகில் ஆறு ஹைட்ரஜன்களுக்கான இரட்டைக்கோடு தெரியும். புரொப்பைல்பென்சீன் இருந்தால் 0.95 அருகில் மூன்று ஹைட்ரஜன்களுக்கான முக்கோடும், 2.6 அருகில் வளையத்தை ஒட்டிய CH₂-வின் முக்கோடும் தெரியும். நேரடி ஆல்கைலேற்றத்தின் விளைபொருளில் இவை எல்லாமே இருக்கும்.

அடுத்தது பலமுறை ஏறும் சிக்கல். ஆல்கைல் தொகுதி வளையத்துக்கு எலக்ட்ரானைத் தருகிறது. எனவே ஒருமுறை ஆல்கைலேற்றப்பட்ட வளையம், வெறும் பென்சீனைவிட அடுத்த தாக்குதலுக்கு அதிகத் தயாராக இருக்கிறது. இந்த வேக வேறுபாட்டைப் பலர் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். ஆல்கைலேற்றத்தில் அது பெரும்பாலும் 1.5 முதல் 3 மடங்குதான். ஆனாலும் அதுவே போதுமான கெடுதல் செய்யும். எப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது ஏற்றம் முதல் ஏற்றத்தைவிட 2 மடங்கு வேகமானது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பென்சீனில் மிஞ்சும் பின்னம் a என்றால், ஒற்றை ஆல்கைல் பொருள் a(1−a), இரட்டை ஆல்கைல் பொருள் (1−a)² என்று வரும். பென்சீனும் குளோரைடும் சம மோல் எடுத்து, குளோரைடு முழுவதும் தீரும்வரை விட்டால் a = 0.38. அதாவது 100 பென்சீன் மூலக்கூறுகளில் 38 வினைபுரியாமலே நிற்கும், 38 இரட்டையாக மாறிவிடும், நமக்கு வேண்டிய ஒற்றை ஏற்றம் வெறும் 24-இல் மட்டும் நடந்திருக்கும். அந்த 24-லும் நேர்ச்சங்கிலி ஒரு பங்குதான் என்பதை மறக்கக்கூடாது.

இதற்கு வழக்கமான மருந்து பென்சீனை அளவுக்கு மீறிச் சேர்ப்பது. ஒரு மோல் குளோரைடுக்குப் பத்து மோல் பென்சீன் எடுத்தால், அதே கணக்குப்படி குளோரைடில் சுமார் 83 சதவீதம் ஒற்றைப் பொருளாகப் போகும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 78.5 கிராம் குளோரைடுக்காக 780 கிராம் பென்சீனைக் கையாள வேண்டும், அதுவும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கரைப்பானை. மிச்சத்தை 80 டிகிரியில் வடித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், சரி. இத்தனைக்கும் பிறகு பலமுறை ஏறும் சிக்கல் மட்டும்தான் அடங்கியிருக்கிறது. அந்த 83 சதவீதத்தில் −6 டிகிரியிலேயே 60 சதவீதம்தான் நேர்ச்சங்கிலி, ஆக மொத்தம் சுமார் 50. அந்த 50-உம் கியூமீனோடு கலந்தே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆல்கைலேற்றம் மீளக்கூடியது. வினை முடிந்த பிறகு AlCl₃-உடன் நெடுநேரம் விட்டாலோ சூடாக்கினாலோ, ஆல்கைல் தொகுதிகள் ஒரு வளையத்தை விட்டு இன்னொரு வளையத்துக்குத் தாவும். இரட்டை ஆல்கைல் பொருளில் ஆர்த்தோ, பாரா வடிவங்கள் குறைந்து, வெப்ப இயக்கவியல்படி நிலையான மெட்டா வடிவம் மேலோங்கும். ஆல்கைல் தொகுதி ஆர்த்தோ, பாரா இடங்களுக்கே வழிகாட்டும் என்று படித்துவிட்டு வரும் மாணவர்களைக் குழப்புவது இதுதான்.

இப்போது இரண்டாவது வழி. புரொப்பனாயில் குளோரைடிலிருந்து AlCl₃ குளோரினைப் பறித்தால் உருவாவது அசைலியம் அயனி, CH₃CH₂–C≡O⁺. இங்கே ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் இணையைக் கார்பனோடு பகிர்ந்துகொள்கிறது. அதனால் கார்பன், ஆக்சிஜன் இரண்டுக்குமே எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்துவிடுகின்றன. பக்கத்து ஹைட்ரஜன் நகர்ந்து வந்தால் இந்த நிலைத்தன்மை போய், சாதாரண ஈரிணைய அயனி ஒன்றுதான் மிஞ்சும். இறங்குமுகமாக எதுவும் இல்லாததால் அயனி நகர்வதே இல்லை. சங்கிலி எந்த வடிவில் உள்ளே போனதோ அதே வடிவில் வளையத்தில் ஏறுகிறது.

பலமுறை ஏறும் சிக்கலும் இங்கே தானாகவே தீர்ந்துவிடுகிறது. வளையத்தில் ஏறியது கார்பனைல் தொகுதி, அது எலக்ட்ரானை வளையத்திலிருந்து இழுக்கும். அது மட்டுமல்ல, கீட்டோனின் ஆக்சிஜன் AlCl₃-ஐப் பிடித்துக்கொள்வதால் இழுப்பு இன்னும் கூடுகிறது. அந்த வளையத்தை இன்னொரு அசைலியம் அயனி தொடவே தொடாது என்று சொல்லலாம்.

அந்தப் பிடிப்புக்கு ஒரு விலை உண்டு. கீட்டோனோடு கட்டுண்ட AlCl₃ மறுபடி வினைக்கு வராது. ஆல்கைலேற்றத்தில் சிறிதளவு AlCl₃ போதும். அசைலேற்றத்தில் ஒரு மோலுக்கு மேல் வேண்டும். 0.1 மோல் அளவில் செய்தால் புரொப்பனாயில் குளோரைடு 9.25 கிராம், AlCl₃ 0.11 மோல், அதாவது 14.7 கிராம். பென்சீனே கரைப்பானாகவும் இருக்கும். அமில நீரிலியைப் பயன்படுத்தினால் உருவாகும் கார்பாக்சிலிக் அமிலமும் AlCl₃-ஐப் பிடிப்பதால் இரண்டு மோலுக்கு மேல் தேவை. இந்த அளவைக் குறைத்தால் வினை பாதியில் நின்றுவிடும். குறைந்த விளைச்சலுக்கு இதுவும், ஈரம் பட்டு வீணான AlCl₃-உம்தான் பெரும்பாலும் காரணம். HCl வருவது நின்றதும் கலவையைப் பனிக்கட்டியும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உள்ள பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அப்போதுதான் கட்டு உடைந்து கீட்டோன் விடுபடும். கிடைப்பது புரொப்பியோபீனோன், கொதிநிலை 218 டிகிரி. பென்சீன் 80 டிகிரியில் போய்விடும் என்பதால் தூய்மையாக்குவது எளிது.

ஒடுக்கத்தில் ஒரு எச்சரிக்கை. சோடியம் போரோஹைட்ரைடு இங்கே பயன்படாது, அது ஆல்கஹாலோடு நின்றுவிடும். C=O முழுதாக CH₂ ஆக வேண்டுமென்றால் கிளமன்சன் முறை அல்லது உல்ஃப்-கிஷ்னர் முறை. முன்னது துத்தநாக ரசக்கலவையோடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பல மணி நேரம் கொதிக்க வைப்பது. பாதரசக் கழிவைத் தனியாகச் சேகரித்தாக வேண்டும். பின்னதில் ஹைட்ரசீன் ஹைட்ரேட்டும் KOH-உம் டைஎத்திலீன் கிளைக்காலில் சேர்த்துச் சூடாக்குவோம். முதலில் ஹைட்ரசோன் உருவாகும், பிறகு நீரையும் மிஞ்சிய ஹைட்ரசீனையும் வடித்து வெளியேற்றி 200 டிகிரி அருகே கொண்டுபோனால் நைட்ரஜன் வெளியேறும். புரொப்பைல்பென்சீன் 159-இலேயே கொதிப்பதால் அதில் ஒரு பகுதி நீரோடு சேர்ந்து வடிந்து வரும். வடிநீரின் மேல் மிதக்கும் எண்ணெயை வீணாக்கிவிடக்கூடாது. எங்கள் சேர்மத்தில் அமிலத்துக்கோ காரத்துக்கோ அஞ்சும் தொகுதி எதுவும் இல்லாததால் இரண்டு முறையும் ஒத்துவரும். எனக்குப் பாதரசம் இல்லாத முறைதான் பிடிக்கும், ஹைட்ரசீனும் நச்சு என்பதால் நல்ல புகைப்போக்கி அறையில் மட்டும்.

ஒடுக்கம் முடிந்ததா என்பதை அகச்சிவப்பு நிறமாலை சொல்லிவிடும். 1690 அருகில் இருந்த வலுவான கார்பனைல் பட்டை மறைந்திருக்க வேண்டும். கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் கவலையில்லை, கீட்டோனுக்கும் விளைபொருளுக்கும் கொதிநிலையில் கிட்டத்தட்ட 60 டிகிரி இடைவெளி இருக்கிறது. அசைலேற்றம் 85, ஒடுக்கம் 80 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 68. முதல் வழியின் 50-ஐவிட அதிகம், அதுவும் ஒரே பொருளாக.

நான்கு கார்பன் சங்கிலியில் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ஐசோபியூட்டைல்பென்சீன் வேண்டும் என்று 1-குளோரோ-2-மெத்தில்புரொப்பேனை AlCl₃-உடன் சேர்த்தால், ஹைட்ரைடு நகர்ந்து மூவிணைய அயனி உருவாகி டெர்ஷியரி-பியூட்டைல்பென்சீன்தான் கிடைக்கும். வேண்டியது ஏறக்குறைய வரவே வராது. ஐசோபியூட்டைரில் குளோரைடால் அசைலேற்றி ஒடுக்கினால் சரியான பொருள் கிடைக்கும். ஐபுபுரூஃபென் தயாரிப்பு ஐசோபியூட்டைல்பென்சீனிலிருந்து தொடங்குவது என்பதால் இது வெறும் தேர்வுக் கேள்வி அல்ல.

அசைலேற்ற வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒடுக்கத்தில் கார்பனைல் கார்பன் CH₂ ஆகிறது, எனவே வளையத்தை ஒட்டிய கார்பன் CH₂ ஆக இருக்கும் பொருள்களுக்குத்தான் இது வழி. கியூமீனே வேண்டுமென்றால் நேரடி ஆல்கைலேற்றம்தான் சரி. அங்கே அயனி இடம்பெயர்ந்து சேரும் இடமும் நாம் விரும்பும் இடமும் ஒன்றே. தொழிற்சாலைகளிலும் பென்சீனையும் புரொப்பீனையும் அமில வினையூக்கி கொண்டு இணைத்துத்தான் கியூமீன் செய்கிறார்கள். பென்சீனை மிகையாக வைத்து, உருவாகும் இரட்டைப் பொருளை மறுபடி பென்சீனோடு வினைப்படுத்தி ஒற்றையாக்கிக்கொள்கிறார்கள். மேலே குறையாகச் சொன்ன மீள்தன்மை அங்கே கைகொடுக்கிறது. டொலுயீனுக்கும் அசைலேற்றம் உதவாது, அதற்குத் தேவையான ஃபார்மைல் குளோரைடு நிலைத்து நிற்காது. பிவலாயில் குளோரைடும் விலக்குதான்: அதன் அசைலியம் அயனி கார்பன் மோனாக்சைடை உதறிவிட்டு டெர்ஷியரி-பியூட்டைல் அயனியாகிவிடுவதால், கீட்டோனை எதிர்பார்த்த குடுவையில் டெர்ஷியரி-பியூட்டைல்பென்சீன் உருவாகும். நைட்ரோபென்சீன் வளையத்தில் இரண்டு வினையுமே நடக்காது. அனிலீனில் நைட்ரஜனே AlCl₃-ஐப் பிடித்துக்கொள்ளும், அதனால் முதலில் அதை அசிட்டனிலைடாக மாற்றிக்கொண்டுதான் அசைலேற்றத்துக்குப் போக வேண்டும்.