சிங்கப்பூர்ச் சிறையா, ஊர்ச் சிறையா? கைதி மாற்றம் பற்றி ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் மகனோ தம்பியோ தண்டனை அனுபவிக்கும்போது, தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மிச்ச தண்டனையை ஊர் ஜெயிலில் கழிக்க முடியாதா?" துபாயில் இருந்த யாரோ ஒருவர் அப்படி வந்ததாகக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

துபாய்க்கு அந்த வழி உண்டு, சிங்கப்பூருக்கு இல்லை. இந்தியாவில் இதற்கென்று 2003-இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளுக்கு மட்டுமே அது பொருந்தும். அமீரகம், சவூதி, குவைத், கத்தார், இலங்கை, தாய்லாந்து, ஹாங்காங் என்று நீளும் அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் கிடையாது. ஐரோப்பிய கவுன்சில் உருவாக்கிய பன்னாட்டு ஒப்பந்தத்திலும் சிங்கப்பூர் சேரவில்லை. அதனால் சிங்கப்பூரில் இருக்கும் இந்தியக் கைதி மனுப் போட்டாலும் அதை ஏற்க ஒரு சட்ட வழி இல்லை. "ஆள் இருக்கிறது, மாற்றித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை அந்த நிமிடமே அனுப்பிவிடலாம்.

சரி, வழி உள்ள இடத்தில் யார் மனுச் செய்யலாம்? கைதிதான். வயது, உடல்நிலை, மனநிலை காரணமாக அவரால் முடியாவிட்டால் அவர் சார்பில் வேறொருவர் செய்யலாம். கைதி இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். தீர்ப்பு முடிவாகியிருக்க வேண்டும், அதாவது மேல்முறையீடோ வேறு வழக்கோ நிலுவையில் இருக்கக்கூடாது. மரண தண்டனைக் கைதிக்கு இது கிடையாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் குறைந்தது ஆறு மாதத் தண்டனை மிச்சமிருக்க வேண்டும், செய்த குற்றம் இரு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் இரண்டு அரசாங்கங்களும் சம்மதித்தால்தான் ஆள் நகர முடியும். தீர்ப்பு நகல், மிச்சத் தண்டனைச் சான்று, கைதியின் ஒப்புதல், குடியுரிமை உறுதி என்று காகிதங்கள் அங்கேயும் இங்கேயும் அலையும்.

இப்போது ஆறு வருடத் தண்டனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் நடத்தை கெடாமல் இருந்தால் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு குறையும். நான்கு வருடத்தில் சிறைக்கதவு திறக்கும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், இறங்கும்போது அவர் கைதி இல்லை. அதே ஆறு வருடம் துபாயில் கிடைத்து, காகிதம் முடிய ஒன்றரை வருடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஊர்ச் சிறையில் இன்னும் நாலரை வருடம் மிச்சமிருக்கும். நம் ஊர்ச் சிறையில் தண்டனைக் குறைப்பு ஒரேயடியாக மூன்றில் ஒரு பங்கு என்று வருவதில்லை. வேலைக்கும் நடத்தைக்கும் மாதத்துக்குச் சில நாட்களாகச் சேரும். அதனால் மாற்றம் கிடைத்தவர் சிங்கப்பூர்ச் சிறையில் இருந்தவருக்குப் பிறகு வெளியே வரலாம். அம்மா மாதாமாதம் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் லாபம். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது விடுதலையும் இல்லை.

மாற்றி வந்தபின் தண்டனையை இந்தியக் கணக்குக்குக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் பலர் நினைக்கிறார்கள். மொரீஷியஸில் ஹெராயின் வழக்கில் 26 வருடம் தண்டிக்கப்பட்டு இந்தியா வந்த ஒருவர் இதைத்தான் கேட்டார். அந்த அளவு ஹெராயினுக்கு இந்தியாவில் அதிகபட்சம் பத்து வருடம்தானே என்பது அவர் வாதம். பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் அதை ரத்து செய்தது. இந்தியச் சட்டத்துக்கு அடிப்படையில் முரணாக இருந்தால்தான் தண்டனையை மாற்றலாம், இந்தியாவில் தண்டனை குறைவு என்பது மட்டும் முரண் ஆகாது என்றது. என் பார்வையில் அது சரியான தீர்ப்புதான். தண்டனையை மறுநாளே பாதியாக்குவார்கள் என்று தெரிந்தால் எந்த நாடு கைதியை அனுப்பும்?

ஆக, ஐந்தாறு வருடத் தண்டனைக்கு, சிங்கப்பூருடன் ஒப்பந்தம் இல்லாதது குடும்பத்துக்குப் பெரிய நஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயுள் தண்டனையில்தான் அந்த இல்லாமை வலிக்கும். சிங்கப்பூரில் 20 வருடம் கழித்துத்தான் விடுதலை பற்றிப் பரிசீலனையே வரும். அதுவரை வயதான பெற்றோர் எத்தனை முறை விமானம் ஏற முடியும்?

வழக்கு இன்னும் முடியாத குடும்பம் என்றால், மாற்றத்தைப் பற்றிக் கேட்பதைவிட வழக்கறிஞரிடம் இரண்டு விஷயம் கேட்பது நல்லது. விசாரணைக் காவலில் இருந்த நாட்களைக் கணக்கில் எடுத்து, தண்டனையை முன்தேதியிலிருந்து தொடங்கும்படி நீதிமன்றத்திடம் கேட்டாரா? அப்புறம், மேல்முறையீட்டு அறிவிப்புக்குத் தீர்ப்பிலிருந்து 14 நாள்தான் கெடு. அந்த முடிவை எப்போது எடுக்கப் போகிறார்?