எட்டுத் தட்டு இன்ட்ரோ, நாலு தட்டு பம்பர்: இரண்டு வருடம் ஒரே டெம்ப்ளேட்டோடு ஓட்டிய அனுபவம்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களையும் பற்றி ‘பொருநைக் கால்’ என்ற பெயரில் வீடியோத் தொடர் போட்டுக்கொண்டிருக்கிறேன். எடிட்டிங் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில். இரண்டு வருடமாக எல்லா எபிசோடுக்கும் ஒரே இன்ட்ரோ, அணையின் பெயர் காட்டும் ஒரே பம்பர், ஒரே அவுட்ரோதான். அந்த மூன்றும் இப்போதைய வடிவத்துக்கு வர ஒன்பது எபிசோடு ஆனது.

முதலில் வைத்திருந்தது இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய டெம்ப்ளேட். 11 விநாடி. ஆங்கிலப் பெயரைப் போட்டால் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்து அழகாக உட்காரும். ‘பொருநை’ என்று அடித்தேன். முதலில் ‘ப’ வந்தது. அடுத்த நொடியில் அந்த ‘ப’ வலப்பக்கம் துள்ளி, அதற்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் முளைத்து ‘பொ’ ஆனது. ‘நை’யிலும் அதே கூத்து. நமக்குப் ‘பொ’ ஓர் எழுத்து. கம்ப்யூட்டர் அதை ‘ப’, ஒகரக் குறி என்று இரண்டாக வைத்திருக்கிறது. எழுத்தெழுத்தாக விழும் அனிமேஷன் அந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் இறக்கும். இதற்கு ஃபான்ட் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. முழுச்சொல்லையும் ஒரே துண்டாக வைத்து, மேலே ஒரு மாஸ்க் போட்டு இடமிருந்து வலமாகத் திறக்கவிட்டேன். மதகுப் பலகையைத் தூக்கினால் தண்ணீர் வருகிற மாதிரி வந்தது. காசு கொடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே வைத்துக்கொண்டேன்.

அடுத்தது நீளம். யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் தங்கும் கோட்டைப் பார்த்தால், இன்ட்ரோ வந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி இறங்கியிருக்கும், ஒவ்வொரு எபிசோடிலும். என் தாய்மாமா வில்லிசையில் குடம் தட்டுகிறவர். இன்ட்ரோவுக்கு இசை கேட்டுப் போனபோது பழைய 11 விநாடியைப் போட்டுக் காட்டினேன். “மருமவனே, இம்புட்டு நேரம் வாசல்ல நிக்க வச்சா உள்ள எவம்ல வருவான்? எட்டுத் தட்டு போதும்” என்றார். எட்டுத் தட்டையே கணக்காக எடுத்துக்கொண்டேன்.

அவர் இயல்பாகத் தட்டிய வேகம் நிமிடத்துக்கு 96. எட்டுத் தட்டுக்குச் சரியாக 5 விநாடி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விநாடிக்கு 25 ஃப்ரேம் உள்ள டைம்லைனில் ஒரு தட்டுக்கு 15.625 ஃப்ரேம் வருகிறது. கால் ஃப்ரேம், அரை ஃப்ரேம் என்று எங்கும் வெட்ட முடியாது. ஒவ்வொரு வெட்டையும் கண்மதிப்பில் தள்ளி வைத்தேன். எபிசோடுக்கு எபிசோடு அந்த மதிப்பும் மாறியது. மெட்ரோனோமை 100-ல் வைத்து மாமாவைத் திரும்பத் தட்டச் சொன்னேன். இப்போது ஒரு தட்டு 0.6 விநாடி. 25-ல் அது 15 ஃப்ரேம், 30-ல் 18 ஃப்ரேம். இரண்டிலும் முழு எண். இன்ட்ரோ எட்டுத் தட்டு, 4.8 விநாடி, 25-ல் 120 ஃப்ரேம். பம்பர் நாலு தட்டு, 2.4 விநாடி, 60 ஃப்ரேம். அவுட்ரோ 32 தட்டு, 19.2 விநாடி. கடைசித் தட்டின் கார்வைக்கு 0.8 விநாடி சேர்த்தால் மொத்தம் 20. யூடியூப் எண்ட் ஸ்கிரீனுக்கு 5 முதல் 20 விநாடி வரைதான் அனுமதி என்பதால் இது அளவெடுத்துத் தைத்த மாதிரி அமைந்தது.

30-லும் முழு எண் வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்குக் காரணம் உண்டு. கேமரா 25, செல்போன் 30. சுத்தமல்லி எபிசோடு முழுக்கச் செல்போனில் எடுத்தது, டைம்லைனும் 30. அதில் 25-ல் ரெண்டர் செய்து வைத்திருந்த இன்ட்ரோவை அப்படியே இழுத்துப் போட்டேன். தலைப்பு வழுக்கி வராமல் தத்தித் தத்தி வந்தது. ஐந்து ஃப்ரேமை ஆறாக்க மென்பொருள் ஒன்றை இரட்டிப்பதால் விநாடிக்கு ஐந்து தடவை விக்கல். நிற்கும் படத்தில் இது தெரியாது. நகரும் எழுத்தில்தான் காட்டிக்கொடுக்கும். இப்போது படம் மட்டும் 25-க்கு ஒன்று, 30-க்கு ஒன்று. ஒலி இரண்டுக்கும் ஒன்றே.

வெட்டும் இடத்தில் இன்னொரு தொல்லை இருந்தது. வீசுகோல் பட்டதும் வில்லில் கட்டிய மணிகள் சிலுசிலுவென்று நெடுநேரம் ஒலிக்கும். படம் முடிகிற 4.8-ல் ஒலியையும் வெட்டினால் வாயைப் பொத்தின மாதிரி இருக்கிறது. அதனால் ஒலித்துண்டு மட்டும் ஒரு விநாடி கூடுதலாக ஓடி அடுத்த காட்சிக்குள் போய்க் கரையும்.

சத்த அளவில் நான் ஏமாந்தது வேறு விதம். “கொட்டு அடிச்சதும் தூக்கிவாரிப் போடுதுடே, நீ பேசுதது கேக்கவே மாட்டேங்கு” என்றார் அம்பாசமுத்திரத்துப் பெரியப்பா. மொத்த வீடியோவுக்கும் சத்தத்தை அளக்கும் மீட்டர் -14 LUFS காட்டியது. சரி என்று விட்டிருந்தேன். அது முழு நீளத்தின் சராசரி. யூடியூப் கூடுதல் சத்தத்தைக் குறைத்தாலும் வீடியோ முழுவதையும் ஒரே அளவில்தான் குறைக்கும், கொட்டுக்கும் பேச்சுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். இப்போது மூன்று விநாடி அளவு காட்டும் ஷார்ட்-டெர்ம் மீட்டரைப் பார்த்து, என் பேச்சு -16 என்றால் இன்ட்ரோவை -18-ல் வைக்கிறேன். குடத்தின் தட்டு கூர்மையானது. எண்ணில் குறைந்தாலும் காதில் முன்னால் நிற்கும்.

பம்பரில் அந்தந்த அணையின் பெயர் வரும். முதலில் ‘பழவூர்’ என்ற பெயரை வைத்து வடிவமைத்தேன், பெரிய எழுத்தில் கம்பீரமாக இருந்தது. பிறகு ‘கோடைமேலழகியான்’ வந்தார். இரண்டு பக்கமும் திரையைத் தாண்டினார். எழுத்தைச் சுருக்கினால் பழவூர் எபிசோடோடு ஒட்டவில்லை. கடைசியில் அவருக்கு ஏற்ற அளவையே எல்லோருக்கும் வைத்தேன். தொடர் ஆரம்பிக்கும் முன்பே வரப்போகிற பெயர்களில் மிக நீளமானதை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

பெயருக்குப் பின்னால் மருதூரில் தண்ணீர் விழுகிற காட்சியை ஆசையாக வைத்திருந்தேன். வீட்டில் பளிங்கு மாதிரி இருந்தது, யூடியூபில் ஏற்றியதும் கட்டம் கட்டமாகப் போனது. நுரை ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறாக இருப்பதால் சுருக்குகிறவனுக்குப் பிடி கிடைக்காது, எழுத்து விளிம்பும் சேர்ந்து கலங்கிவிடும். இப்போது ஈரமான கல் படிக்கட்டின் அசையாத படம்.

அவுட்ரோவில் வலப்பக்கம் அடுத்த எபிசோடுக்கான பெட்டிக்கும் கீழே சப்ஸ்கிரைப் வட்டத்துக்கும் வெற்றிடம், எழுத்தெல்லாம் இடப்பக்கம். ‘நன்றி, வணக்கம்’ சொல்லிவிட்டு 20 விநாடி இசை ஓடினால் யாரும் இருப்பதில்லை. அதனால் பேச்சின் கடைசி இரண்டு வாக்கியத்தை அவுட்ரோ மேலேயே ஓடவிடுகிறேன். அடுத்து எந்தக் கால்வாய் என்பது அந்த வாக்கியத்தில்தான் வரும்.

மூன்றையும் ரிசால்வின் Power Bin-ல் வைத்திருக்கிறேன். எந்த புராஜெக்டைத் திறந்தாலும் அங்கே இருக்கும். ஆனால் அது புராஜெக்ட் லைப்ரரிக்குள் இருப்பது. ஒருமுறை கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தபோது லைப்ரரியைப் பேக்கப் எடுக்காமல் எல்லாம் போயிற்று. இப்போது அந்த Power Bin-ஐ `.drb` கோப்பாக எடுத்து வைக்கிறேன். அதில் படமோ ஒலியோ இருக்காது, எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கும். மீடியா ஃபோல்டரையும் கூடவே நகல் எடுக்கவேண்டும்.

ஒலிக்கோப்பை மட்டும் மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். போன கோயில் கொடையில் மாமாவின் குடம் உடைந்துவிட்டது. புதுக் குடத்துக்குச் சுதி கூடுதல். ஆள், தட்டு, வேகம் எல்லாம் அதேதான், ஆனாலும் அதை இன்ட்ரோவில் போட்டுப் பார்த்தால் வேறு தொடர் மாதிரி கேட்கிறது. அடுத்த எபிசோடு ஸ்ரீவைகுண்டம் தென்கால். அதிலும் பழைய குடம்தான் ஒலிக்கும்.