ஆர்பி-யும் வெள்ளைக் கோலும்: கண்ணு தெரியுறவன் ஏன் கோல் புடிக்கிறான்? சில வருஷ அனுபவம்

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமா ஆர்பி, ராத்திரிப் பார்வையும் ஓரப் பார்வையும் கொஞ்சம் கொஞ்சமா போற பரம்பரை விழித்திரை நோய். சின்ன வயசுல வீட்ல மாலைக்கண்ணுன்னு கீரையும் கேரட்டும் குடுத்துட்டு இருந்தாங்க, காலேஜ் முடிக்கிறப்போ தான் பேர் தெரிஞ்சுது. அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்க, நம்ம பக்கம் ஆர்பி உள்ள நிறைய பேர் வீட்ல இதே கதை தான். இப்போ நேரா பாத்தா கண்ணாடி போட்டு டாக்டர் சார்ட்ல 6/9 வரை, அதாவது கிட்டத்தட்ட முழுசா படிப்பேன், ஆனா சுத்துப் பார்வை ரெண்டு கண்ணுலயும் மொத்தமே சுமார் 20 டிகிரி. அதனால பேப்பர் படிக்கிறவன் அதே பேப்பரைக் கீழ போட்டா தேடிட்டு இருப்பேன். கை குலுக்க நீட்டுனா தெரியாது, திமிர் புடிச்சவன்னு ஆபீஸ்ல பேரு.

கோல் எடுத்து சில வருஷம் ஆச்சு, தினமும் தாம்பரத்துல இருந்து ட்ரெயின்ல வேலைக்குப் போறதுல இதைப் பயன்படுத்துறேன், அந்த அனுபவத்தைத் தான் சொல்றேன்.

முதல்ல ஒரு கணக்கு, இது புரிஞ்சா மத்ததெல்லாம் புரிஞ்சிடும். 20 டிகிரின்னா நேரா பாக்கும்போது கண்ணு மட்டத்துல இருந்து கீழ 10 டிகிரி தான் தெரியும். கண்ணு தரையில இருந்து ஒன்றரை மீட்டர் உயரம்னு வச்சுக்கிட்டா, தலை நிமிந்து நடக்கிறப்போ எட்டரை மீட்டருக்கு அப்பால தான் எனக்குத் தரையே ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி இருக்கிற படி, குழி, படுத்திருக்கிற நாய், பைக் ஸ்டாண்ட் எதுவும் கிடையாது. மொத்தம் 10 டிகிரி ஆயிட்டா அந்த எட்டரை 17 மீட்டர் ஆயிடும். சரி, குனிஞ்சு தரையைப் பாத்தே நடக்கலாமேன்னா, ஒன்றரை மீட்டர் முன்னாடி பாத்தா ஒரு மீட்டர்ல இருந்து ரெண்டு மீட்டர் வரைக்கும் ஒரு துண்டு தரை தெரியும், அவ்ளோ தான், எதிர்ல வர்ற ஆளு, கடை போர்டு, லாரி பின்னாடி தொங்குற கதவு எல்லாம் போச்சு. ஒன்னு கால் அடிபடும், இல்லன்னா நெத்தி.

இந்த எடத்துல தான் கோல் வேலைக்கு வருது. தரையைக் கோல் பாத்துக்கும், கண்ணு மேல பாக்கலாம். கோல் புடிச்சு நடக்கச் சொல்லிக் குடுத்த மொபிலிட்டி டீச்சர் முதல் நாளே கண்ணைக் கட்டி விட்டுட்டார், எனக்குப் புரியல, "சார், கண்ணு கொஞ்சம் தெரிஞ்சா நீங்க கோல் முனையவே பாத்துட்டு இருப்பீங்க, அப்புறம் கோல் எதுக்கு"ன்னார். உண்மை தான், ஆர்பி உள்ளவங்களுக்கு இந்தப் பழக்கத்தை உடைக்கிறது தான் கஷ்டம்.

கோல் நீளம் நெஞ்செலும்பு மட்டத்துக்கு வரணும், எனக்கு 120 செ.மீ. கிட்ட. வேகமா நடக்கிறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் நீளம் வேணும், ஏன்னா கோல் தர்ற எச்சரிக்கை ஒரு எட்டு தூரம் தான். தோள் அகலத்தை விட லேசா அகலமா வீசணும், இடது கால் முன்னாடி போறப்போ முனை வலது பக்கம் இருக்கணும், அடுத்த கால் வைக்கப் போற எடத்தை அது முன்னாடியே தொட்டுடும். முதல் சில வாரம் இந்தத் தாளம் வரவே வராது, அப்புறம் தானா வந்துடும்.

முனை பத்தி ஒன்னு சொல்லணும். மெல்லிசு முனை நம்ம ஊரு பிளாட்பாரத்துல ஒவ்வொரு இடுக்குலயும் மாட்டி, கைப்பிடி நேரா வயித்துல குத்தும். உருளுற முனை மாத்தினதும் தான் நிம்மதி, ஆனா கனம், மணிக்கட்டு வலிக்கும். மெட்ரோ ஸ்டேஷன்ல மஞ்சப் புடைப்பு டைல்ஸ் கோல்லயே தெரியும், அங்க நடக்கிறது சுகம்.

கோலோட குறை என்னன்னா இடுப்புக்கு மேல இருக்கிறது எதுவும் அதுக்குத் தெரியாது. மரக்கிளை, கடை முன்னாடி இழுத்துக் கட்டுன தார்பாய், இதெல்லாம் கண்ணு தான் தேடணும். சும்மா அங்கயும் இங்கயும் பாத்தா விட்டுப் போயிடும், அதனால ஒரு ஒழுங்கு வச்சிருக்கேன்: தூரத்துல இடமிருந்து வலம் ஒரு தடவை, அப்புறம் தலை மட்டத்துல கிட்ட ஒரு தடவை, மறுபடி தூரம். ரோடு கிராஸ் பண்றப்போ கண்ணை மட்டும் திருப்பாம கழுத்தையே திருப்பணும். ராத்திரி அகலமா வெளிச்சம் விழுற டார்ச், வெயில்ல தொப்பியும் மஞ்சள் கலந்த டின்ட் கண்ணாடியும். வெளிய இருந்து உள்ள நுழைஞ்சா கண்ணாடியக் கழட்டிட்டு செவுத்தோரம் கொஞ்ச நேரம் நின்னுட்டுத் தான் நகருவேன், கண்ணு பழக அவ்ளோ நேரம் ஆகுது.

ட்ரெயின்ல கோலை மடிச்சு வச்சுட்டு போன்ல படிச்சா பக்கத்து சீட்டுக்காரர் மொறைப்பார், ஏமாத்துறேன்னு நெனைப்பு. விளக்கம் சொல்றதை விட்டுட்டேன்.

இப்போ, மிச்சம் இருக்கிற பார்வையை வச்சு சமாளிக்கச் சொல்லித் தர்ற லோ விஷன் கிளினிக்குக்கு எப்போ போகணும்னு நிறைய பேர் கேக்குறாங்க. "இன்னும் நல்லா படிக்கிறீங்களே, அப்புறம் பாக்கலாம்"னு சொல்ற கண் டாக்டர்களும் இருக்காங்க, ஆனா ஆர்பி-ல கடைசி வரை எழுத்து தெரியலாம், நடமாட்டம் தான் முதல்ல போகும். என் கருத்துல சுத்துப் பார்வையை அளக்குற ஃபீல்ட் டெஸ்ட் 20 டிகிரி பக்கம் வந்துடுச்சுன்னா போகணும். அந்த ரிப்போர்ட்டே இல்லன்னாலும், பழகாத படியில தடுமாறுறது, கூட்டத்துல ஆள் மேல இடிக்கிறது, பொழுது சாஞ்சா வெளிய போற வேலையத் தள்ளிப் போடுறது, இதுல ஏதாவது ஒன்னு வழக்கமாயிடுச்சுன்னா போதும். வண்டி ஓட்டுறவங்க அன்னைக்கே நிறுத்திட்டுப் போங்க. கொஞ்சம் பார்வை இருக்கிறப்போவே கோல் கத்துக்கிட்டா கண்ணும் கோலும் சேந்து வேலை செய்யப் பழகும். சென்னையில சங்கர நேத்ராலயா, மதுரையில அரவிந்த் ரெண்டுலயும் இதுக்குத் தனிப் பிரிவு இருக்கு.

அங்க பூதக்கண்ணாடி தான் குடுப்பாங்கன்னு நெனைச்சுப் போகாதீங்க. குழாய் வழியா பாக்குற மாதிரி இருக்கிற இந்த டனல் விஷன்ல எழுத்தைப் பெருசாக்குனா பார்வைக்குள்ள அடங்குற எழுத்து கொறைஞ்சு படிக்கிற வேகம் கெட்டுடும். பார்வை 10 டிகிரின்னா 40 செ.மீ. தூரத்துல ஏழு செ.மீ. அகலம் தான் ஒரே பார்வையில தெரியும், ஒரு போன் அகலம். அதனால நடுப்பார்வை நல்லா இருக்கிறவரை எழுத்து அளவா, கருப்புல வெள்ளையா, திரையைக் கொஞ்சம் தள்ளி வச்சு.

சர்டிபிகேட் விஷயம் ஒன்னு. 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல ஃபீல்டும் கணக்குல வருது: நல்லா இருக்கிற கண்ணுல 40 டிகிரிக்குக் கீழ 10 வரை லோ விஷன், 10-க்குக் கீழ போனா பார்வையின்மை. 6/9 படிக்கிறதைப் பாத்துட்டு "உங்களுக்கு இல்ல"ன்னு சொன்னாங்கன்னா ஃபீல்ட் டெஸ்ட் பிரிண்ட்டை எடுத்து நீட்டுங்க. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி கார்டுக்கு அப்ளை பண்றப்போவும் அதையே சேத்து வைங்க.

நடுப்பார்வை திடீர்னு மங்குனா மட்டும் "ஆர்பி கூடிடுச்சு"ன்னு விட்றாதீங்க, அது ரீஹாப் கேஸ் இல்ல, ரெட்டினா டாக்டர் கேஸ். விழித்திரை நடுவுல நீர் கோர்த்திருக்கலாம், ஓசிடி ஸ்கேன்ல தெரியும், சொட்டு மருந்து மாத்திரைக்குக் கேக்க வாய்ப்பு இருக்கு. இல்லன்னா லென்ஸுக்குப் பின்பக்கம் வர்ற புரை, ஆர்பி-ல இது சகஜம், ஆபரேஷன் பண்ணலாமான்னு கேட்டுப் பாருங்க.

கோல் வாங்குறப்போ ரெண்டு முனை சேத்து வாங்கிடுங்க, நம்ம ரோட்டுல சீக்கிரம் தேயும். மடிக்கிற கோல்ல உள்ள எலாஸ்டிக் தளர்ந்தா வீசும்போது மூட்டு லூசா கடகடன்னு ஆடும், அப்போ எலாஸ்டிக்க மாத்துங்க இல்ல புதுசு வாங்குங்க, நடு ரோட்டுல ரெண்டா கழண்டு வந்துடும்.